நாற்காலியை விட மெத்தைக்கே முதலிடம்

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்த நான், கைகளில் வலு இருந்ததால், கையால் தள்ளும் சக்கர நாற்காலியையே தேர்ந்தெடுத்தேன். அது மடங்கும், ஆட்டோவில் ஏறும், பஞ்சர் ஒட்டினால் மறுபடி ஓடும். பேட்டரி நாற்காலி தோள்மூட்டைக் காக்கும், நெடுந்தூரம் போகும். ஆனால் வாசலில் இரண்டு படி இருந்தாலே நின்றுவிடும். இவை கடையிலேயே தெரிந்துவிடும். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து சதை நசுங்குவதால் வரும் அழுத்தப் புண்ணைத் தடுப்பதில் பெரிய வேறுபாடு, உட்கார்ந்தபடியே பாரத்தை எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கைகளை ஊன்றி உடலைத் தூக்கச் சொல்வார்கள். நசுங்கிய சதையில் ரத்தம் மீண்டும் நன்கு பாய ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கைகள் தாங்குவதில்லை. ஆகவே அரை மணிக்கு ஒருமுறை, பிரேக் போட்டுவிட்டு, மார்பு தொடையை நெருங்கும் அளவுக்கு முன்னால் குனிந்து 2 நிமிடம் இருக்கிறேன். கைகளும் செயலிழந்தவர்களுக்கு இது இயலாது. இருக்கையும் முதுகும் ஒன்றாகவே பின்னால் சாயும் பேட்டரி நாற்காலிதான் அவர்களுக்கு ஏற்றது. முதுகுப்பகுதி மட்டும் சாய்வதாக இருந்தால், உடல் முன்னால் வழுக்கி, வாலெலும்புப் பக்கம் தோல் இழுபட்டு உரசும். அந்த வகை நாற்காலியைச் சில நாட்களே பயன்படுத்தியவன் என்பதால் இதற்கு மேல் சொல்லத் துணியவில்லை.

நாற்காலி இருக்கையில் போடும் மெத்தையைப் பொறுத்தவரை, காற்று நிரப்பிய சிறு அறைகள் கொண்ட காற்றறை மெத்தையின் பக்கம் நான். நாற்காலியுடன் வந்த ஃபோம் மெத்தை ஓராண்டில் நடுவில் பள்ளமாகிவிட்டது. மேலுறை புதிதுபோல் இருந்ததால் கவனிக்கத் தவறினேன். ஒருநாள் இரவு கைக்கண்ணாடியில் பார்த்தபோது, வலப்பக்க உட்காரும் எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து அரை மணி கழித்துப் பார்த்தும் அப்படியே இருந்தது. அது மறையும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை. (நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை யாரோ வாங்கித் தந்தார்கள், அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும் என்பதால் ஒதுக்கிவிட்டேன்.)

காற்றறை மெத்தை விலை அதிகம், அதைவிடப் பராமரிப்பு அதிகம். காலையில் உட்கார்ந்ததும் உள்ளங்கையை மேல்நோக்கி உடலுக்கும் மெத்தைக்கும் இடையே நுழைத்து உட்காரும் எலும்பைத் தடவிப் பார்க்கிறேன். எலும்புக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் எலும்பு தரைதட்டுகிறது. கூடினால் உடல் மெத்தைக்குள் அமிழாமல் மேலேயே நின்று, பாரம் முழுவதும் எலும்பு முனைக்கே போகிறது. மெத்தை மாற்றிய பிறகு உட்காரும் உயரம் மாறியதால் கால்வைப்புப் பலகையையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. அது உயரமாக இருந்தால் தொடை எழும்பி, அதன் பங்குப் பாரமும் அந்த எலும்புகளின் மேலேயே விழும்.

தினமும் காற்று பார்க்க வீட்டில் ஆள் இல்லையென்றால், நல்ல ஃபோம் மெத்தையை வாங்கி, பள்ளம் விழுந்தவுடன் மாற்றுவதே மேல்.