ஊறுகாய்க்குக் கண்ணாடி, பொடிக்குப் பை: சிங்கப்பூரில் வீட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரே மாதிரிக் கண்ணாடி பாட்டில்களை மொத்தமாக வாங்கி, பாதியில் எலுமிச்சை ஊறுகாயும் மீதியில் இட்லிப் பொடியும் போட்டு விற்கலாம் என்று தொடங்குகிறவர்கள் பலர். "எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்னா வெல கொறையும்ல?" என்று ஈசூன் அக்கா ஒருவர் கேட்டார். குறையும்தான். ஆனால் ஊறுகாய் கெடுகிற விதம் வேறு, பொடி கெடுகிற விதம் வேறு. பக்கத்துப் புளோக்குக்குக் கொடுக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவார்கள். ஜூரோங்கில் இருக்கிற யாரோ வாங்கி மூன்று மாதம் வைத்துச் சாப்பிடும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

ஊறுகாயைக் காப்பது புளிப்பும் உப்பும். எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுக்கிறது, பூஞ்சை ஏறாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் மிதந்தால் எதுவும் கெடாது என்பது பாதி உண்மை. காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கிருமிக்கு எண்ணெய்க்கு அடியில் வசதியான இடம். அதைத் தடுப்பது அமிலம்: பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். எலுமிச்சையில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை, அதன் சாறே அவ்வளவு புளிப்பு. மாங்காயும் பெரும்பாலும் தப்பித்துவிடும். பூண்டு ஊறுகாய்தான் சிக்கல். பூண்டுக்குத் தானாகப் புளிப்பு கிடையாது. புளிக்கரைசலோ வினிகரோ பல்லின் நடுவரை போய்ச் சேர நாளாகும். குழம்பு புளிக்கிறது, பல்லின் உள்ளே புளிப்பில்லை என்ற நிலையில் பாட்டிலை மூடினால் ஆபத்து.

இதை அளக்க நிறம் மாறும் தாளை நம்ப வேண்டாம். மஞ்சளும் மிளகாயும் தாளைச் சாயமேற்றிவிடும், படிக்கவே முடியாது. கையடக்க பிஎச் மீட்டர் வாங்கி, அதோடு வரும் 4, 7 கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் போட்டு ஒரு வாரம் கழித்து, எண்ணெயை வடித்துவிட்டு, பூண்டுப் பற்களை மட்டும் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் விட்டு அரைத்து, அந்த விழுதில் அளக்க வேண்டும். எண்ணெயோடு அளந்தால் மீட்டரின் முனையில் படலம் படிந்து எண் தப்பாக வரும். 4.6 என்பது எல்லை, அதை ஒட்டி நிற்பது புத்திசாலித்தனமல்ல. 4-க்குக் கீழே வரும்வரை புளிப்பைக் கூட்டுவது நல்லது. ஊரில் மொட்டை மாடியில் நாலு நாள் காய வைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வீவக தாழ்வாரத்தில் அந்த வெயிலும் கிடையாது, காற்றின் ஈரமும் விடாது. அதனால் பாட்டியின் கைப்பக்குவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆறு மாதம் தாங்கும் என்று எழுதக் கூடாது. அவர் காய வைத்த அளவுக்கு நாம் காய வைக்கவில்லை.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். ஊறுகாய்க்குக் கண்ணாடி, பெட் பிளாஸ்டிக், நிற்கும் பை என்று மூன்று வழி. பெட் பாட்டில் லேசு, உடையாது. ஆனால் அதன் சுவர் வழியாக மெதுவாகக் காற்று போகும், நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிப்பது முன்கூட்டியே தொடங்கும். சூடாக ஊற்றினால் நெளிந்தும் போகும். பையில் ஊறுகாய் அடைக்கும்போது வாய்ப்பகுதியில் ஒரு துளி எண்ணெய் பட்டால் போதும், வெப்ப ஒட்டு சரியாகப் பிடிக்காது. அன்று பார்த்தால் மூடியிருப்பது போலத் தெரியும், கூரியர் வண்டியில் ஒரு அழுத்து அழுத்தியதும் கசியும். நீண்ட மூக்குப் புனல் வைத்து நிரப்பி, வாயைத் துடைத்துவிட்டு ஒட்டினால் சமாளிக்கலாம், ஆனால் தனி ஆளாக அதை நாள் முழுக்கச் செய்வது கடினம்.

கண்ணாடியின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே: எடை, உடைசல். 250 கிராம் ஊறுகாய் போடும் பாட்டிலே ஏறத்தாழ 200 கிராம் இருக்கும், அனுப்பும் செலவில் கிட்டத்தட்ட பாதி கண்ணாடிக்குத்தான். ஆனாலும் ஊறுகாய்க்கு நான் கண்ணாடியையே சொல்வேன். காற்றும் வாடையும் சுவர் வழியாகப் புகாது, அமிலம் அதை ஒன்றும் செய்யாது. கவனிக்க வேண்டியது மூடி. உலோக மூடியின் உட்பூச்சில் ஒரு கீறல் இருந்தால் உப்பும் புளிப்பும் அங்கே வேலையைத் தொடங்கிவிடும். மூடியின் உள்விளிம்பில் பழுப்பு வளையம் தெரிந்தால் அது துரு. எனவே பழைய ஜாம் பாட்டிலைக் கழுவி விற்பனைக்குப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே திண்டு வைத்த பிளாஸ்டிக் திருகு மூடி போட்டு, மேலே சுருங்கும் உறை மாட்டினால் திறக்கப்படவில்லை என்பதும் வாங்குபவருக்குத் தெரியும்.

பொடியின் கதை நேர்மாறு. வறுத்து அரைத்த பொடியில் தண்ணீர் மிகக் குறைவு, கிருமி வளராது. அதன் எதிரிகள் ஈரம், வெளிச்சம், காற்று, வண்டு. பருப்புப் பொடிக்கு ஈரம்தான் முதல் தொல்லை. எள் போட்ட இட்லிப் பொடிக்கு ஈரத்தோடு காற்றும் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும், எள்ளில் அவ்வளவு எண்ணெய். தேங்காய் சேர்த்தால் இன்னும் மோசம், அதை ஒரு மாதத்துக்கு மேல் எண்ணவே வேண்டாம்.

பொடிக்குக் கண்ணாடி பாட்டில் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் உள்ளே வரும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் பொடிக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தில் நிறையும். பழுப்புக் காகிதப் பையில் சன்னல் வைத்தது பார்க்க அழகு, சந்தையில் அதுதான் ஓடுகிறது. ஆனால் சன்னல் வழியாகத்தான் நிறம் வெளுக்கிறது. மிளகாய்த்தூளைச் சன்னல் பையில் கொஞ்ச நாள் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, பையைக் கிழித்துப் பாருங்கள்: சன்னலை ஒட்டியது செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும், பின்னால் இருப்பது இன்னும் சிவப்பாகவே இருக்கும். அலுமினியப் படலம் வைத்த பைதான் பொடிக்குச் சரி. உள்ளே இருப்பது தெரியவில்லையே என்றால் லேபிளில் ஒரு படம் போட்டுக்கொள்ளலாம். பையில் இருக்கும் ஜிப்பை நம்பி அனுப்பக் கூடாது, அது வாங்கியவர் திறந்த பிறகு மூட மட்டும்தான். ஜிப்புக்கு மேலே வெப்ப ஒட்டு போட வேண்டும். தட்டையாக நிரப்பினால் பை தபால் பெட்டியின் வாய்க்குள் போய்விடும், ஆள் வீட்டில் இருந்து வாங்க வேண்டியதில்லை. பாட்டிலுக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல பேருக்குப் பொடி கட்டியாவது இதனால்தான். சூடாக அடைத்தால் உள்ளே வேர்க்கும். ஆற வைக்கிறேன் என்று தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்தால் பொடி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். பருப்பை வறுத்ததும் லேசாக மூடி ஆற வைத்து, அரைத்த சூடு அடங்கும்வரை ஏர்கான் ஓடும் அறையில் லேசாக மூடிய பாத்திரத்தில் வைத்திருந்து உடனே அடைப்பதுதான் வழி.

அடுத்தது தேதி. அதை உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது, வைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு முறை போட்ட எலுமிச்சை ஊறுகாயில் எட்டு சின்ன பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். நாலு சமையலறை அலமாரியில், நாலு வெளிச்சம் படும் இடத்தில். மாதம் ஒன்றாக இரண்டு இடத்திலிருந்தும் திறந்து பாருங்கள். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று வந்தால், குமிழி எழும்பினால் அது புளித்து நொதிக்கிறது. மேலே வெள்ளைப் படலம் என்றால் பூஞ்சை அல்லது ஈஸ்ட். மெழுகு வண்ணக்குச்சி போன்ற வாடை என்றால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது. நாலாம் மாதத்தில் வெளிச்சத்தில் வைத்தது வாடை அடித்து, அலமாரியில் இருந்தது நன்றாக இருந்தால், லேபிளில் போட வேண்டியது மூன்று மாதம். வாங்குபவர் எங்கே வைப்பார் என்று நமக்குத் தெரியாது. இந்தச் சோதனை சுவைக்கும் வாடைக்கும்தான் பதில் சொல்லும், போட்டுலினத்துக்கு அல்ல. அது வாடையே இல்லாமல் இருக்கக்கூடும். பூண்டு வகைக்குப் பிஎச் அளவைத் தவிர வேறு சான்று கிடையாது. விற்பனை பெருகினால் எஸ்ஏசி-சிங்லாஸ் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீர்ச் செயல்பாட்டையும், அதாவது கிருமிக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்பதையும், ஒரு முறை அளந்துகொள்வது நல்லது.

பெஸ்ட் பிஃபோர் என்று போடுவதா, யூஸ் பை என்று போடுவதா? பொடிக்கும் சரியாகப் புளித்த ஊறுகாய்க்கும் முதலாவது பொருந்தும், அது சுவையின் கெடு. குளிர்ப்பெட்டியில் வைத்தே ஆக வேண்டிய பச்சைக் கொத்தமல்லித் தொக்கு மாதிரியானவற்றுக்குத்தான் இரண்டாவது, அது பாதுகாப்பின் கெடு.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு விதிகளிலேயே இருக்கிறது: பொருளின் பெயர், எடை வரிசையில் சேர்மானங்கள், ஒவ்வாமை தரும் பொருள்கள், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும். ஆங்கிலம் கட்டாயம், தமிழ் நம் விருப்பம். எழுத்து 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதில் எல்லாரும் கோட்டை விடுவது பெருங்காயத்தில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் குளூட்டன், அதை அறிவித்தே ஆக வேண்டும். வாங்கிய டப்பாவைத் திருப்பி அதன் சேர்மானத்தைப் படியுங்கள், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. எள்ளும் கடுகும் இங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை, ஆனாலும் நல்லெண்ணெய் என்று மட்டும் விடாமல் எள் என்றும் எழுதுங்கள். எள் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், அமெரிக்காவில் 2023 முதல் அது கட்டாயமாகிவிட்டது.

அச்சுக்குக் காகித ஸ்டிக்கர் மலிவு. ஆனால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் இங்கே ஒரு நிமிடத்தில் வேர்த்துவிடும், இன்க்ஜெட் எழுத்து வழியும். பார்சலுக்கு ஒட்டும் வெப்ப அச்சுத் தாளில் எண்ணெய் விரல் பட்டால் தேதியே மறைந்துபோகும். பிளாஸ்டிக் தாளில் லேசர் அச்சு, தேதிக்கு மட்டும் அழியாத மை முத்திரை, இதுதான் தாங்கும். தேதிக்குப் பக்கத்தில் அந்த முறை போட்டதற்கு ஓர் எண்ணும் குறியுங்கள். ஒரு பாட்டில் நொதித்துவிட்டால் எந்தெந்தப் பாட்டிலைத் திரும்பக் கேட்பது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாக, எங்கே சமைப்பது என்பது. வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளருக்கு விற்கத் தனி உரிமம் வேண்டியதில்லை, உணவுப் பாதுகாப்பு விதிகள் மட்டும் அப்படியே பொருந்தும். தேக்காவில் ஒரு மளிகைக்கடை அலமாரிக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றால் கதை மாறிவிடும்: சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற தயாரிப்புக்கூடத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வாடகைக்கு உரிமக் கூடம் எடுப்பவர்கள் முதலில் பொடியை அங்கே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் வறுத்து அரைத்து அடைத்துவிடலாம். ஊறுகாய் ஊறுகிற நாளெல்லாம் இடம் பிடிக்கும், அந்த இடத்துக்கும் வாடகை.