தைலமா தேயிலையா: விளம்பரத்தைக் கூட்டுவதற்கு முன் போட்ட கணக்கு

கோத்தகிரியில் என் தங்கை சிறிய கடை ஒன்றும் அதற்கு ஓர் இணையப் பக்கமும் வைத்திருக்கிறாள். இரண்டு பொருள்களுக்கு ஒரே மாதத்தில் தலா ரூ.6,000 விளம்பரம் செய்தோம்: 100 மி.லி. நீலகிரித் தைலப் புட்டி ஒன்று, அரைக் கிலோ ஆர்த்தடாக்ஸ் தேயிலைப் பொட்டலம் மற்றொன்று. விளம்பரக் கணக்கைக் காட்டும் திரை தைலத்துக்கு 100 ஆர்டர்களையும் தேயிலைக்கு 46 ஆர்டர்களையும் காட்டியது. ஓர் ஆர்டருக்கு ரூ.60 ஒரு பக்கம், ஏறக்குறைய ரூ.130 மறுபக்கம் என்றால் யாரும் தைலத்துக்குத்தான் பணத்தைக் கூட்டுவார்கள்; தங்கையும் அதற்குத்தான் தயாராக இருந்தாள்.

முதலில் ஒரு புட்டி விற்றால் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தோம். வரி நீங்கலாக வரும் ரூ.280-இல் எண்ணெய்க்கும் புட்டிக்கும் ரூ.100, பெட்டிக்கு ரூ.15, கூரியருக்கும் பணம் வசூலிக்கும் கட்டணத்துக்கும் ரூ.65 போக ரூ.100 நிற்கிறது. அதிலிருந்து ரூ.60-ஐக் கழித்தால் ஆர்டருக்கு ரூ.40 லாபம் என்று தோன்றும். ஆனால் திரை எண்ணுவது போடப்பட்ட ஆர்டர்களைத்தான். வாங்கிப் பணம் கொடுத்தவர்களை அல்ல. தைலம் எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் எங்கள் பார்சல் விமானத்தில் ஏறாமல் தரைவழியே மெதுவாகப் போகிறது, மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் இன்னும் தாமதம். கேஷ் ஆன் டெலிவரியில் கேட்டவர்கள் அதற்குள் மனம் மாறிவிடுகிறார்கள். அந்த மாதம் 25 புட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் போகவும் திரும்பி வரவும் கூரியர் ரூ.110, வீணான பெட்டி ரூ.15 என ரூ.3,125 நஷ்டம். ஆக 75 பேரிடம் கிடைத்த ரூ.7,500-இல் விளம்பரமும் திரும்பியவற்றின் செலவும் போனால் ரூ.1,625 நஷ்டம். உண்மையில் ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர ஆன விளம்பரச் செலவு ரூ.80, அதன்மேல் திரும்பிய புட்டிகளின் சுமை தலைக்கு ஏறக்குறைய ரூ.42.

தேயிலையின் கணக்கில் வேறு வகைப் பிழை இருந்தது. தொலைபேசி எண்களைக் கடையின் பழைய பில் புத்தகத்தோடு ஒப்பிட்டபோது, அந்த 46 பேரில் ஆறு பேர் மே மாத சீசனில் கடைக்கே வந்து வாங்கிப் போனவர்கள் என்று தெரிந்தது. விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்கள் வாங்கியிருக்கக்கூடும் என்பதால் அவர்களை நீக்கிவிட்டோம். மீதி 40 புதியவர்களுக்கு ஆளுக்கு ரூ.150 ஆனது. பொட்டலம் ஒன்றில் தேயிலை, பெட்டி, கூரியர் எல்லாம் போக மிஞ்சுவதும் சரியாக ரூ.150. முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே அனுப்பியதால் எதுவும் திரும்பவில்லை. அதாவது முதல் ஆர்டரில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. ஒரு புட்டித் தைலம் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும், தேயிலை தீர்ந்துபோகும். அடுத்த மூன்று மாதங்களில் அந்த 40 பேரிடமிருந்து விளம்பரம் இல்லாமலே 20 ஆர்டர்கள் மீண்டும் வந்தன. அதனால் கிடைத்த ரூ.3,000-ஐ 40 பேருக்கும் பகிர்ந்தால் ஒருவரிடமிருந்து மொத்தமாக ரூ.225 கிடைக்கிறது, ஒருவரைக் கொண்டுவர நாங்கள் தரக்கூடிய உச்ச விலை அதுதான். மீண்டும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையை இதில் சேர்க்கவில்லை, வந்து முடிந்த ஆர்டர்களை மட்டுமே சேர்த்தோம். அந்தப் பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்பதால், அதுவரை தேவைப்படும் தொகையைச் சரக்கு வாங்கும் மூலதனத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். (விளம்பர பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி இந்த ரூ.6,000-க்குள் அடங்கியது, உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாதவர்கள் அதைச் செலவில் சேர்க்காமல் விடக்கூடாது.)

ஆகவே தைலத்தை நிறுத்தித் தேயிலைக்குப் பணத்தைக் கூட்டினோம். மாதம் ரூ.9,000 ஆக்கியபோது புதியவர்கள் 54 ஆனார்கள், ரூ.12,000 ஆக்கியபோது 64. சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு ரூ.188 மட்டுமே, உச்ச விலைக்குள்தான் இருக்கிறது என்று தங்கைக்குத் தோன்றியது. ஆனால் பார்க்க வேண்டியது கடைசியாகக் கூட்டிய பணம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்பதை. முதல் கூடுதல் ரூ.3,000-க்கு 14 பேர் வந்தார்கள், ஆளுக்கு ரூ.214. அடுத்த ரூ.3,000-க்கு வெறும் 10 பேர், ஆளுக்கு ரூ.300. அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவராலும் ரூ.75 நஷ்டம் என்பதை முதலில் வந்தவர்களின் லாபம் மறைத்திருந்தது. வாங்கும் மனநிலையில் இருந்தவர்களுக்கு விளம்பரம் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது தேயிலை ரூ.9,000-இல் நிற்கிறது. தைலத்தை இரண்டு புட்டிகளாகச் சேர்த்து, முன்பணத்துக்கு மட்டும் விற்றுப் பார்க்கப் போகிறோம். கூரியர் கட்டணம் இரட்டிப்பாகாது என்பதால் ஓர் ஆர்டரில் மிஞ்சுவது கூடும். அதற்கு ஒதுக்கியிருப்பது இரண்டு வாரத்துக்கு ரூ.2,000.