எடுத்தது எடுத்தபடி: படத்துக்குக் கீழே எந்தச் சொல் பொய் சொல்லாது?

என் போனில் ஒரு அந்திவானப் படம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்தது. வானம் கொஞ்சம் வெளிறித் தெரிந்ததால் போனிலேயே வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தேன். இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பத்தையும் வெட்டிவிட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. இந்தப் படத்தை இன்று பகிர்ந்தால், பழைய படம் என்று சொல்லும் #tbt-யையும் ஃபில்டர் போடவில்லை என்று சொல்லும் #nofilter-ஐயும் போடலாமா? போடலாம். ஆனால் அதே படத்துக்கு ஜப்பானியரோ கொரியரோ #nofilter-க்கு ஈடான தங்கள் மொழிக் குறிச்சொல்லைப் போட்டால் அது பொய்யாகிவிடும். இதுதான் என்னை இந்த ஒப்பீட்டில் இழுத்துவிட்டது.

முதலில் #nofilter. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தபோதே ஃபில்டர்களோடுதான் வந்தது. X-Pro II போன்ற ஒன்றைத் தட்டினால் போதும், நிறங்கள் அழுந்தி, ஓரங்கள் இருண்டு, பழைய பிலிம் படம் மாதிரி ஆகிவிடும். எல்லோரும் அதைத் தட்டிக்கொண்டிருந்த இடத்தில், 'நான் தட்டவில்லை' என்று சொல்லப் பிறந்ததுதான் இந்தக் குறிச்சொல். அது மறுப்பது ஒரு பொத்தானை மட்டும். வெளிச்சத்தைக் குறைத்ததையும் கம்பத்தை வெட்டியதையும் அது கண்டுகொள்வதில்லை. சொல்லளவில் என் படம் தப்பித்துவிடுகிறது.

ஜப்பானியர் போடுவது #無加工. 'முகாகோ' என்று படிக்கலாம். 'மு' என்றால் இல்லை. 'காகோ' என்றால் ஒரு பொருளை எடுத்து வேலை செய்து மாற்றுவது. தொழிற்சாலையில் பொருளைப் பதப்படுத்துவதற்கும் இதே சொல்தான். ஆகவே இங்கே மறுக்கப்படுவது கைவேலை முழுவதும். வெளிச்சத்தைத் தொட்டதுமே என் படம் தோற்றுவிட்டது. கொரிய மொழியின் #무보정, 'முபோஜங்', இன்னும் குறிப்பானது. 'போஜங்' என்றால் குறையைச் சரிசெய்தல். முகத்தின் தழும்பை அழிப்பது, கன்னத்தை ஒடுக்குவது, நிறத்தைக் கூட்டுவது எல்லாம் அதில் அடங்கும். செல்ஃபியின் கீழே இதைப் போட்டால் 'என் முகம் இதுதான்' என்று பொருள். வெட்டியதை மட்டும் இந்தச் சொல் ஒருவேளை மன்னிக்கலாம், ஏனென்றால் அது முகத்தைத் திருத்துவதல்ல. வெளிச்சத்தை மன்னிக்காது.

சீன மொழி வேறு வழியில் போகிறது. 原图, 'யுவான் தூ', அதாவது மூலப்படம். இல்லை என்று எதையும் சொல்லாமல், இருப்பதை நேராகச் சொல்கிறது. என் படம் இங்கே இரண்டு வகையிலும் விழுகிறது. ஆனால் இந்தச் சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டில் படம் அனுப்பும்போது, சுருக்காமல் முழு அளவில் அனுப்புவதற்கான தேர்வுக்கும் 原图 என்றுதான் பெயர். ஆக, முகத்தைச் செதுக்கித் தள்ளிய படத்தையும் 'மூலப்படமாக' அனுப்ப முடியும். ஒருவர் 'தொடாத படம்' என்ற பொருளில் சொல்ல, இன்னொருவர் 'சுருக்காத கோப்பு' என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கறாரான சொல்தான் நல்ல சொல்லா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன் கேமரா எடுக்கும் படம் எதுவும் உண்மையில் தொடாத படம் அல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. அப்புறம் படத்தில் விழும் இரைச்சல் புள்ளிகளை மழுப்பி, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது. ஐபோன் 4-இல் 2010 செப்டம்பரிலேயே, அதாவது இன்ஸ்டாகிராம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக்கும் வசதி வந்துவிட்டது. இன்று பல போன்கள் கேட்காமலே இதைச் செய்கின்றன. சில போன்களில் தோலை வழவழப்பாக்கும் அழகுப் பயன்முறை கடையில் வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அதோடு எடுத்த செல்ஃபிக்கு #無加工 போடுகிறவர் பொய் சொல்கிறார், ஆனால் அவருக்கே அது தெரியாது. சந்தேகம் வந்தால் புருவத்தையும் தலைமுடி ஓரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். முடி ஒவ்வொன்றாகத் தெரிய, பக்கத்தில் நெற்றி மட்டும் மெழுகு போல இருந்தால் மென்பொருள் வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த விஷயத்தில், குறைவாக வாக்குக் கொடுக்கும் #nofilter-தான் குறைவாகப் பொய் சொல்கிறது.

தமிழில் என்ன போடுவது? 'வடிகட்டி இல்லை' என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சல்லடை தொலைந்துபோன மாதிரி இருக்கிறது. 'உள்ளபடி' அழகான சொல், ஆனால் உலகமே இப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறது. கேமராவுக்கு அந்தத் தகுதி இல்லை. எனக்குப் பிடித்தது 'எடுத்தபடி'. கேமரா கொடுத்ததை நான் தொடவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. என் அந்திவானத்துக்கு அதைப் போட முடியாது என்பதும் சொன்னவுடனே புரிந்துவிடுகிறது.

#tbt-யின் கதை நேர் எதிர். அங்கே பொருளைவிட ஓசைதான் பெரிது. 'த்ரோபேக் தர்ஸ்டே' என்ற இரண்டு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒரே தொடக்கம். அந்த மோனைக்காகத்தான் வியாழக்கிழமை. வெள்ளிக்கு 'ஃப்ளாஷ்பேக் ஃப்ரைடே' என்று #fbf வந்ததும் அதே கணக்கில்தான். வேறு மொழிக்குப் போனால் மோனை உடைந்துவிடும். போர்ச்சுகீசில் வியாழனுக்கு 'ஐந்தாம் நாள்' என்றே பெயர், அது த-வில் தொடங்குவதே இல்லை. ஆனாலும் பிரேசில்காரர்கள் #tbt-யை அப்படியே எடுத்துக்கொண்டு 'தே பே தே' என்று எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்கள். மோனை போனாலும் பழைய படம் போட அனுமதிச்சீட்டாக அது வேலை செய்கிறது. ஜப்பானியர் #過去pic என்று பாதி தங்கள் எழுத்து, பாதி ஆங்கில எழுத்தாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். 'கடந்தகாலப் படம்', அவ்வளவுதான். கிழமை இல்லை, ஏக்கம் இல்லை. எந்த நாளிலும் போடலாம் என்பது அதன் வசதி.

தமிழில் இதற்கு 'மலரும் நினைவுகள்' என்ற தயார்ச் சொல் இருக்கிறது. ஆனால் அது கனமானது. இருபது வருடத்துக்கு முந்தைய வகுப்புப் படத்துக்குப் பொருந்தும். போன மாதப் பயணத்துக்குப் போட்டால் நினைவு மொட்டே விடவில்லையே என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தாமதப் படத்துக்கு ஆங்கிலத்தில் #latergram என்று தனியாகவே ஒன்று உண்டு. நமக்கு 'அப்போது எடுத்தது' போதும். மோனைதான் வேண்டுமென்றால் நம் வாரத்தில் ஞாயிறு இருக்கிறது. 'ஞாயிறு ஞாபகம்', ஞா-வுக்கு ஞா. வியாழனைவிட லாபம்.

இணையத்தில் சிரிப்பைக் காட்டும் குறிகளில் எது பொய் சொல்லாது என்ற இந்தப் போட்டியே இல்லை. தாய் மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று ஓசை, ஆகவே 555 என்றால் ஹாஹாஹா. ஜப்பானியர் சிரிப்புக்கு w போட்டார்கள். www என்று வரிசையாக நின்றதும் அது புல் மாதிரித் தெரிய, இப்போது புல்லைக் குறிக்கும் 草 என்ற எழுத்தே சிரிப்பாகிவிட்டது. இவற்றை மற்ற மொழிக்காரர் அப்படியே கடன்வாங்க முடியாது. தமிழ்ப் படத்துக்குக் கீழே 555 என்று பார்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், எதன் விலை என்று கேட்பார்கள்.

என் அந்திவானம் ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனது. கீழே எழுதியது இதுதான்: 'ஞாயிறு ஞாபகம். வெளிச்சம் கொஞ்சம் குறைத்தேன், கம்பம் ஒன்றை வெட்டினேன்.'