ஒரே ஐம்பது ரூபாய், மூன்று கலவைகள்

மாணவர் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் வாரம் 200 கிலோ புழுங்கல் அரிசி கேட்டார். கிலோ 53 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதில் ஏற்றுகூலி, ஆட்டோ வாடகை, கலக்கும் ஆளின் கூலி, எனக்குக் கிடைக்க வேண்டியது எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 50. இரண்டு விலை அரிசியை எந்த விகிதத்தில் கலந்தால் வேண்டிய விலை வரும் என்று பார்ப்பதுதான் அலிகேஷன் கணக்கு. அதில் இலக்கு விலையாக எழுத வேண்டியது இந்த 50தான், 53 அல்ல. விற்கும் விலையை இலக்காக வைத்துக் கொள்முதல் விலைகளைக் கலந்தால் கூலியும் லாபமும் கைப்பணத்திலிருந்துதான் போகும். கலவை வியாபாரத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஐம்பது ரூபாயை எட்ட எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. 62 ரூபாய் பழைய பொன்னியோடு 38 ரூபாய் மோட்டா ரகத்தைச் சேர்ப்பது ஒன்று. அதே பழைய பொன்னியோடு 47 ரூபாய்க்கு வரும் புதுப் பொன்னியைச் சேர்ப்பது இரண்டாவது. 56 ரூபாய் முழு அரிசியோடு அதே ரகத்தின் 32 ரூபாய் நொய்யைச் சேர்ப்பது மூன்றாவது. இவை அன்று எங்கள் கடையில் இருந்த விலைகள். உங்கள் ஊரில் எண்கள் மாறலாம், கணக்கின் போக்கு மாறாது.

அலிகேஷன் முறையை ஒரு தடவை மெதுவாகப் பார்த்துவிடுவோம். புதுப் பொன்னி இலக்கைவிட 3 ரூபாய் குறைவு. பழைய பொன்னி இலக்கைவிட 12 ரூபாய் அதிகம். புது அரிசியில் ஒரு கிலோ போட்டால் 3 ரூபாய் மிச்சமாகிறது, பழைய அரிசியில் ஒரு கிலோ போட்டால் 12 ரூபாய் கூடிவிடுகிறது. கூடிய 12ஐ ஈடுகட்ட நான்கு கிலோ புது அரிசி வேண்டும். ஆகவே 4:1. விலைகளை மேலே இரு மூலைகளில் எழுதி, நடுவில் 50 போட்டு, குறுக்காகக் கழிப்பது இதே விஷயத்தை வேகமாகச் செய்யும் வழி. குறைந்த விலை அரிசியின் பங்கு 62 - 50 = 12. அதிக விலை அரிசியின் பங்கு 50 - 47 = 3. குறுக்கே போகிறது என்பதை மறந்து நேருக்கு நேர் எழுதிவிட்டால் விகிதம் தலைகீழாகி, கலவை 59 ரூபாயில் போய் நிற்கும். இலக்கு எந்த விலைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த அரிசிதான் அதிகம் வர வேண்டும். எழுதி முடித்ததும் இந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இதே முறையில் மோட்டாவும் பழைய பொன்னியும் 12:12, அதாவது சரிபாதி. நொய்யும் முழு அரிசியும் 6:18, அதாவது ஒரு பங்கு நொய்க்கு மூன்று பங்கு முழு அரிசி. மூன்றுமே 100 கிலோவுக்குச் சரியாக 5,000 ரூபாய். காகிதத்தில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

நான் முதலில் எடுத்தது சரிபாதிக் கலவையை. ஒரு சிப்பத்துக்கு ஒரு சிப்பம் என்பதால் தராசுகூடத் தேவையில்லை. விலை நிலவரத்தைப் பார்த்தாலும் அதுதான் பத்திரமாகத் தெரிந்தது. ஏதாவது ஓர் அரிசி கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கலவை 50 பைசாதான் ஏறும். புதுப் பொன்னிக் கலவையில் அந்த அரிசி நூற்றுக்கு எண்பது என்பதால், அது ஒரு ரூபாய் ஏறினால் 80 பைசா ஏறிவிடும். இப்படியெல்லாம் யோசித்து அனுப்பிய அரிசி மறுநாள் காலையில் திரும்பி வந்தது.

அக்கா ஒரு பிடிச் சோற்றைத் தட்டில் போட்டுக் காட்டினார். சன்னமான பொன்னி மலர்ந்து நுனி பிளந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த தடித்த மணியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. "தம்பி, மோட்டா வேகட்டும் என்று விட்டால் பொன்னி குழைகிறது, பொன்னிக்குப் பார்த்து வடித்தால் மோட்டா வேகவில்லை. எதற்கு நான் வடிப்பது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அன்று புரிந்ததைத்தான் இந்த அலசலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடைக்கு எடை சராசரியாகும் எதற்கும் அலிகேஷன் பொருந்தும். விலை சராசரியாகிறது, நொய் விழுக்காடு சராசரியாகிறது, ஈரப்பதமும் சராசரியாகிறது. வேகும் நேரம் சராசரி ஆகாது. 18 நிமிடத்தில் வேகும் மணியையும் 28 நிமிடத்தில் வேகும் மணியையும் பாதிப் பாதி கலந்தால் 23 நிமிடத்தில் வேகும் அரிசி கிடைக்காது. 23ஆவது நிமிடத்தில் குழைந்த பாதியும் வேகாத பாதியும்தான் கிடைக்கும். மோட்டாவும் பொன்னியும் சேர்ந்த கலவை மாவுக்கு அரைப்பதற்கு ஆகும், கிரைண்டருக்கு மணியின் பருமன் ஒரு பொருட்டல்ல. ஆனால் மாவுக்கு 62 ரூபாய் அரிசி எதற்கு?

நொய்க் கலவைக்கு வருவோம். ரகம் ஒன்றே என்பதால் ருசியில் பேதமில்லை. ஆனால் நொய் சீக்கிரம் வெந்து கரைந்து, வடிகஞ்சி கூழாகிவிடும், சோறு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நொய்யைத் தாங்கலாம் என்று அக்காவிடம் கேட்டேன். நூற்றுக்குப் பதினைந்து வரை சமாளிக்கலாம் என்றார். இங்கே அலிகேஷனை விலைக்குப் பதிலாக நொய்க்குப் போட்டுப் பார்க்கலாம். முழு அரிசியிலேயே 4 விழுக்காடு உடைந்த மணிகள் இருந்தன. நொய் என்பது 100 விழுக்காடு. இலக்கு 15. குறுக்காகக் கழித்தால் நொய் 11, முழு அரிசி 85. அதாவது 100 கிலோவில் நொய் பதினொன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் கலவையின் விலை 53 ரூபாய் 25 பைசா. விலைக்காக 25 கிலோ நொய் போட்டாலோ, உடைந்த மணி 28 விழுக்காட்டைத் தொடும். இந்த இரண்டு அரிசியை வைத்துக்கொண்டு விலையையும் தரத்தையும் ஒன்றாக எட்ட வழியில்லை. அரிசியை இறக்குவதற்கு முன்பே காகிதத்தில் தள்ளிவிடக்கூடிய கலவை இது.

மிஞ்சியது புதுசும் பழசுமான பொன்னி. இதிலும் குறை உண்டு. பழைய அரிசி தண்ணீர் அதிகம் குடிக்கும், நன்றாகப் பெருகும், விதை விதையாக நிற்கும். புது அரிசி சீக்கிரம் வெந்து பிசுபிசுக்கும். ஆனால் மணியின் நீளமும் பருமனும் ஒன்றாக இருப்பதால், மோட்டாவோடு சேர்த்ததுபோல் தட்டில் இரண்டு சோறாகத் தெரிவதில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போட்டால் வித்தியாசம் இன்னும் குறையும். அக்கா பெரிய அண்டாவில் வடித்துச் சமைப்பவர் என்பதும் எனக்குச் சாதகமாயிற்று. வடிக்கும்போது தண்ணீர் தாராளம், ஒவ்வொரு மணியும் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். குக்கரில் அளந்து தண்ணீர் வைப்பவருக்கு இதே கலவையைக் கொடுக்க மாட்டேன். பழசுக்குப் பார்த்துத் தண்ணீர் வைத்தால் புதுசு களியாகும், புதுசுக்குப் பார்த்தால் பழசு விறைத்து நிற்கும்.

4:1 என்று முடிவுசெய்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. எங்களுக்கு வருவது 26 கிலோ சிப்பம். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையிலிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. ஆகவே சிப்பத்தின் விலையை 26ஆல் வகுத்தபின்தான் கணக்கைத் தொடங்க வேண்டும், பழைய பழக்கத்தில் 25ஆல் அல்ல. புதுப் பொன்னி சிப்பம் 1,222 ரூபாய், கிலோ 47. ஆனால் சல்லடையில் போட்டுச் சலித்தபோது தூசியும் தவிடுமாக அரைக் கிலோ கழிந்தது. கையில் நின்றது 25 கிலோ 500 கிராம். அப்படியானால் நான் உண்மையில் கொடுத்த விலை கிலோவுக்குக் கிட்டத்தட்ட 48.

ஒரு ரூபாய்தானே என்று விட்டுவிடலாம். குறுக்குக் கழித்தலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 62 - 50 = 12, 50 - 48 = 2. விகிதம் 4:1 அல்ல, 6:1. பழைய அரிசியின் பங்கு நூற்றுக்கு 20லிருந்து 14க்கு இறங்கிவிடுகிறது. இலக்கு விலை ஓர் அரிசியின் விலையை ஒட்டி நிற்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும். அந்த அரிசியின் விலையில் சின்ன அசைவு வந்தாலும் விகிதம் பெரிதாக ஆடும். 48 ரூபாய் அரிசியைப் பழைய 4:1இலேயே கலந்திருந்தால் கிலோ 50 ரூபாய் 80 பைசா ஆகியிருக்கும். வாரம் 200 கிலோவுக்கு 160 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கும். அதனால் புதிய லோடு வந்தால் ஒரு சிப்பத்தைச் சலித்து எடைபோட்ட பிறகுதான் விகிதம் எழுதுகிறேன்.

கலப்பதிலும் கவனம் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினால் அடியில் ஒரு விலை அரிசி, மேலே ஒரு விலை அரிசி. படுதாவை விரித்து, புதுசு ஆறு படிக்குப் பழசு ஒரு படி என்று அடுக்கடுக்காகப் போட்டு, மண்வாரியால் மூன்று தடவை இடம் மாற்றிப் புரட்டுகிறோம். பிறகு மூன்று மூலைகளிலிருந்து கைப்பிடி எடுத்து, ஒவ்வொன்றிலும் 100 மணி எண்ணிப் பார்ப்பேன். பழைய பொன்னி சற்று மஞ்சளோடியிருக்கும், புதுசு வெளுப்பாக இருக்கும், நல்ல வெளிச்சத்தில் பிரித்துவிடலாம். 6:1 கலவையில் 14 மணிகள் பழசாக வர வேண்டும். 11 வந்தாலும் 18 வந்தாலும் கவலையில்லை, கைப்பிடிக்குக் கைப்பிடி அந்த அளவு ஆடத்தான் செய்யும். ஒரு மூலையில் 3, இன்னொரு மூலையில் 30 என்று வந்தால் திரும்பவும் புரட்ட வேண்டும். இரண்டும் ஒரே ரகம் என்பதால்தான் மணிக்கணக்கும் எடைக்கணக்கும் ஒத்துப்போகின்றன. மோட்டா கலந்த அரிசியில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், அங்கே ஒரு மணியின் எடையே வேறு.

பழைய பொன்னி என்ற பெயரில் இந்தக் கலவையை நான் விற்பதில்லை. ஆறு பங்கு புதுசை வைத்துக்கொண்டு பையில் பழசு என்று எழுதுவது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான முத்திரை. வாங்குகிறவருக்கும் அது பொய். அக்காவுக்குப் போகும் ஒவ்வொரு பையிலும் "புதுப் பொன்னி 6, பழைய பொன்னி 1" என்று ஒரு சீட்டு வைக்கிறேன். போன வாரம் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, அரை மணி ஊறவைத்தும் கொஞ்சம் ஒட்டுகிறது, பழசை இன்னொரு பங்கு கூட்டினால் என்ன விலை வரும் என்று கேட்டார். 6:2, அதாவது 3:1. அதற்கு 51 ரூபாய் 50 பைசா, விற்கும் விலை 54.50 என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார்.