சோறு இறங்கவில்லை: உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முதலில் கத்தியா, கதிரா?

சித்தப்பாவுக்கு முதலில் சிக்கியது பரோட்டா. ஒரு மடக்கு தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது, அவரும் மறந்துவிட்டார். அடுத்த மாதம் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் தின்ன முடிந்தது, அப்புறம் குழைந்த ரசம் சோறு, அப்புறம் கஞ்சி. இதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது, 64 கிலோ இருந்தவர் 55க்கு வந்துவிட்டார். அதுவரை மருந்துக்கடையில் வாங்கிய வாய்வு மருந்துதான் வைத்தியம். வயது 58, முப்பது வருடப் பீடிப் பழக்கம்.

அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கெட்டியானது, பிறகு மெதுவானது, கடைசியில் நீர். குழாய் நாளுக்கு நாள் குறுகி வருகிறது என்று அர்த்தம். சோறும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து சிக்கினால், பெரும்பாலும் குழாயின் அசைவில் கோளாறு. வருடக்கணக்காக நெஞ்செரிச்சல் இருந்து, எடை குறையாமல், மெல்ல மெல்ல அடைத்தால் அமிலப் புண் ஆறிய தழும்பாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து யாரும் வீட்டில் முடிவு செய்துவிடக் கூடாது. உணவுக்குழாய் சுமார் 2 செ.மீ. வரை விரியக்கூடியது, உள்வழி ஏறக்குறைய 13 மி.மீ.க்குக் கீழே போன பிறகுதான் கெட்டி உணவு ஒழுங்காகச் சிக்க ஆரம்பிக்கும். அதாவது, சிக்குவது தெரியும்போதே கட்டி குழாயைப் பாதிக்கு மேல் சுற்றிவிட்டிருக்கலாம். அதற்கு மேல் மூன்று மாதம் வாய்வு மருந்தில் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுக்கலாமா, எண்டோஸ்கோபியா என்று கேட்டார்கள். பேரியம் அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டும், சதை எடுத்துத் தராது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோபிதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: முன்பற்களிலிருந்து 27 செ.மீ. முதல் 32 செ.மீ. வரை, புண்ணோடு கூடிய, தொட்டால் ரத்தம் கசியும் வளர்ச்சி, சுற்றளவில் முக்கால் பங்கு, ஸ்கோப் அதைத் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி உண்டு. இரைப்பை ஆரம்பிப்பது சுமார் 40 செ.மீ.யில், ஆகவே இது நடுப்பகுதி. நடுப்பகுதி என்றால், நம் ஊரில் அதிகம் பார்க்கும், குழாயின் உள்தோல் அணுக்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் (பயாப்சியும் அதையே சொன்னது), பக்கத்திலேயே மூச்சுக்குழாய்க் கிளை ஓடுகிறது என்றும் அர்த்தம். ஸ்கோப்பின் தடிமன் 9, 10 மி.மீ. அதுவே போகவில்லை என்றால் நோய் சுவரின் ஆழம் வரை போயிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எண்டோஸ்கோபி உள்பக்கத்தைத்தான் பார்க்கும். ஸ்டேஜ் முடிவாவது வெளிப்பக்கத்தில். சி.டி., பெட் ஸ்கேன், மூச்சுக்குழாய்க்குள் ஒரு ஸ்கோப், மூன்றும் முடிந்தபின் வந்தது டி3 என்1 எம்0. சுவரின் தசையைத் தாண்டி வெளித்திசுவைத் தொட்டுவிட்டது, பெருந்தமனியையும் மூச்சுக்குழாயையும் பிடிக்கவில்லை, பக்கத்து நெறிக்கட்டிகள் ஒன்றோ இரண்டோ, தூரத்தில் பரவல் இல்லை. குடலைச் சுற்றி இருப்பது போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது, அதனால் தசையைத் தாண்டினால் தடுக்க எதுவும் இல்லை.

வீட்டில் சண்டை இங்கேதான் தொடங்கியது. அத்தை வீட்டார், “கட்டியை முதலில் வெட்டி எடுத்துடணும், வச்சிருந்தா பரவும்” என்றார்கள். தம்பி கதிர்வீச்சோடு முடித்துக்கொள்ளலாம் என்றான். டாக்டர்கள் இரண்டையும் வரிசையாகச் செய்யலாம் என்றார்கள்.

முதலில் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டி3-இல் கட்டியின் வெளி விளிம்பு நெஞ்சுக்கூட்டின் முக்கிய உறுப்புகளை ஒட்டி நிற்கிறது, தாராளமாக வெட்டி எடுக்க அங்கே இடம் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான கிராஸ் ஆய்வு 366 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. நேரே அறுவைக்குப் போனவர்களில் விளிம்பில் நோய் மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தது 69 சதவீதம் பேருக்கு. கீமோவும் கதிரும் முடித்துவிட்டுப் போனவர்களில் 92 சதவீதம். பத்தில் மூன்று பேருக்கு அவ்வளவு பெரிய அறுவை நடந்தும் நோய் மிச்சம் என்றால், “முதலில் வெட்டு” என்பது டி3-க்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, கீமோ-கதிர் கொடுத்துவிட்டு அறுவை. கிராஸ் முறையில் வாரம் ஒரு முறை பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின், ஐந்து வாரம். கூடவே 23 நாள் கதிர், அதன் மொத்த அளவு 41.4 கிரே. ஸ்குவாமஸ் வகையில் இது நன்றாக வேலை செய்கிறது. அறுவையில் எடுத்த குழாயைச் சோதித்தபோது, அந்த வகையினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் உயிருள்ள புற்றணு கூட இல்லை. அந்த வகையில் ஆயுளின் நடுமதிப்பு அறுவை மட்டும் என்றால் 21 மாதம், இந்த வரிசையில் 81 மாதம். எண்ணிக்கை சிறியதுதான் (ஸ்குவாமஸ் நூறு பேர் கூட இல்லை), ஆனால் வித்தியாசம் அலட்சியப்படுத்தும் அளவில் இல்லை. கீழ்ப்பகுதியில் வரும், சுரப்பி அணுக்களில் தொடங்கும் அடினோ வகைக்குக் கணக்கு வேறு. ஜெர்மனியின் எசோபெக் ஆய்வுக்குப் பிறகு அங்கே கதிர் இல்லாமல், அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துக் கீமோ முந்தி நிற்கிறது. ஆகவே பயாப்சியில் எந்த வகை என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் சிகிச்சையோடு ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது, தம்பி சொன்னது. பாதிப் பேருக்குக் கட்டியே இல்லாமல் போகிறதென்றால் எதற்காக வெட்ட வேண்டும்? நல்ல கேள்வி, நானும் இதில்தான் அதிக நாள் நின்றேன். அறுவை என்றால் உணவுக்குழாயில் பெரும்பகுதியை எடுத்து, இரைப்பையைக் குழாயாகத் தைத்து, கழுத்துக்கோ நெஞ்சுக்கோ மேலே இழுத்து ஒட்டுவது. ஒட்டு கசியலாம், குரல் நரம்பு அடிபடலாம், நிமோனியா வரலாம். பிரான்சில் ஓர் ஆய்வில், கீமோ-கதிருக்குக் கட்டி சுருங்கியவர்களை அறுவைக்கும், கதிரைத் தொடர்வதற்கும் பிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கிட்டத்தட்ட சமம், ஆனால் அறுவைக் கூட்டத்தில் முதல் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 9 சதவீதம், மற்றதில் 1 சதவீதம் கூட இல்லை. அதே நேரம் உணவுக்குழாயிலேயே நோய் திரும்ப வந்தது கதிர்க் கூட்டத்தில்தான் அதிகம், அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் அதிகம் தேவைப்பட்டதும் அவர்களுக்குத்தான்.

சிக்கல் எங்கே என்றால், கட்டி உண்மையிலேயே போய்விட்டதா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். உள்தோல் ஆறி வழவழப்பாக இருக்கும், அடியில் தசைக்குள் புற்றணு மிச்சமிருக்கும். நெதர்லாந்துக்காரர்களே இதைச் சோதித்தார்கள். வழக்கமான பயாப்சி கணிசமாக மிச்சமிருந்த கட்டிகளில் 31 சதவீதத்தைத் தவறவிட்டது. எடுத்த இடத்திலேயே இன்னொரு துண்டை ஆழமாக எடுத்து, நெறிக்கட்டியையும் ஊசியால் பார்த்தபோது தவறியது 10 சதவீதம். அதன் அடுத்த கட்டமாக, சோதனைகளில் நோயே தெரியாதவர்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் உயிர்வாழ்வு உடனடி அறுவைக்குக் குறையவில்லை. ஆனால் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது, பிறகு அறுவைக்குப் போனார்கள். அந்த வழி தப்பில்லை. ஆனால் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கோப், ஆழமான பயாப்சி, ஸ்கேன் என்று விடாமல் போக வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த இடமும் பக்கத்தில் வேண்டும். பேருந்தில் ஐந்து மணி நேரம் போய், ஒரு வேளைக் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு அந்தக் கால அட்டவணை தவறிவிடும். தவறினால் அந்த வழியே இல்லை. இதய நோயோ, மோசமான நுரையீரலோ இருப்பவருக்கு, கழுத்துப்பக்கக் கட்டி என்பதால் குரல்வளையையே இழக்க வேண்டியவருக்கு, மூன்றாவது வழிதான் முதல் வழி. அவர்களுக்குக் கதிரின் அளவு 50 கிரே வரை போகும்.

சித்தப்பாவின் நுரையீரல் பீடியால் கொஞ்சம் கெட்டிருந்தாலும் மாடி ஏற முடிந்தது. இரண்டாவது வழியை எடுத்தோம்.

அதற்கு முன் இன்னொரு ஒப்பீடு, அதைப் பலர் அவசரத்தில் தப்பாகச் செய்கிறார்கள். சாப்பிட முடியவில்லை, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்பார்கள். குணமாக்கும் நோக்கத்தில் அறுவைக்குப் போகிறவருக்கு ஸ்டென்ட் வேண்டாம், அது நகரும், குத்தும், அறுவையைக் கெடுக்கும். மூக்கு வழியாக மெல்லிய குழாயோ, சிறுகுடலில் ஒரு குழாயோ போட்டுக் கஞ்சியும் பவுடரும் கொடுப்பது மேல். வயிற்றில் துளை போட்டு இரைப்பைக்குள் குழாய் வைப்பதைத் தவிர்ப்பார்கள், அந்த இரைப்பையைத்தான் நாளைக்கு உணவுக்குழாயாக்க வேண்டும். சித்தப்பாவுக்கு மூக்குக் குழாய். கீமோ-கதிரின் மூன்றாவது வாரமே கஞ்சி தானாக இறங்கியது, எடை 57.

ஸ்டென்டுக்கு இடம் வேறு. தூரப் பரவல் இருந்து அறுவைக்கு வழியில்லாதவருக்கு அது ஓரிரு நாளிலேயே வழி திறக்கும். குழாய்க்குள் வைக்கும் ஒரு வேளைக் கதிர் மெதுவாகத் திறக்கும், ஆனால் இன்னும் சில மாதங்களாவது உயிரோடு இருப்பார் என்ற நம்பிக்கை உள்ளவருக்கு அதன் நிவாரணம் நீடிக்கும். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வருகிறதா, அதைக் கேளுங்கள். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம், அப்போது மூடிய ஸ்டென்ட்தான், தள்ளிப்போட நேரமில்லை.

இன்னொரு ஓரத்தில் மிக ஆரம்ப நோய். உள்தோலோடு நிற்கும் டி1ஏ என்றால் ஸ்கோப் வழியாகவே அந்தத் துண்டை உரித்து எடுத்துவிடலாம். அடுத்த படலத்துக்கு இறங்கினாலே ஐந்தில் ஒருவருக்காவது நெறிக்கட்டியில் போயிருக்கும், அப்புறம் உரிப்பது மட்டும் போதாது. இந்தக் கட்டத்தில் சோறு சிக்காது, அதனால்தான் யாரும் வருவதில்லை.

சித்தப்பாவுக்குக் கதிர் முடிந்த ஆறாவது வாரம் ஸ்கோப் தடங்கலில்லாமல் இரைப்பை வரை போனது. பயாப்சியில் புற்று இல்லை. தம்பி மறுபடி “வெட்ட வேண்டாம்” என்றான். எட்டாவது வாரம் வெட்டினார்கள். எடுத்த குழாயில், உள்தோல் சுத்தம், தசைக்குள் இரண்டு மி.மீ. அளவில் உயிருள்ள புற்றணுக்கள், நெறிக்கட்டிகள் சுத்தம். கழுத்து ஒட்டு ஒரு வாரம் கசிந்து தானே மூடியது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி, சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி வைத்திருக்கிறோம். பரோட்டா இன்னும் கேட்கவில்லை.