ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே, அக்கவுண்ட் நம்பரை மெயிலில் எழுதி அனுப்பாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டையோ ஒன்றிரண்டு அறைகளையோ ஹோம்ஸ்டேயாக விட்டு, ஏஜென்சி மூலம் புக்கிங் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மே சீசனுக்கு எனக்கு வரவேண்டிய 68,400 ரூபாய் யாரோ ஒருவனின் கணக்குக்குப் போய்விட்டது. பணத்தை அனுப்பியது ஏஜென்சி. திருடன் புகுந்ததும் ஏஜென்சியின் மெயிலில்தான். ஆனால் "நாங்க கட்டியாச்சு மேடம்" என்று கையை விரிக்கிறார்கள்.

சேரும்போதே வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, பான், ஆதார் எல்லாவற்றையும் மெயிலிலேயே டைப் செய்து அனுப்பச் சொன்னார்கள். போனில் சொல்கிறேன் என்றேன். "இல்லைங்க மேடம், ரெக்கார்டுக்கு மெயில்லதான் வேணும், அப்பத்தான் அக்கவுண்ட்ஸ்ல காப்பி பண்ணிக்குவாங்க" என்றார் அங்கே இருந்த பையன். அனுப்பினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் கணக்கு அனுப்பும்போதெல்லாம் அதே மெயிலுக்கே பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிலின் அடியிலும் என் நம்பர்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. சி.சி.யில் இருந்த மேனேஜர், ஆடிட்டர் ஆபீஸ் என்று எத்தனை பெட்டிகளில் அது கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் தொடக்கத்தில் ஏஜென்சிக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. என் முகவரி மாதிரியே இருக்கும், நடுவில் ஒரு 's' மட்டும் கூடுதல். "பழைய கணக்கை ஆடிட்டுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இந்த மாதப் பணத்தைப் புதுக் கணக்குக்குப் போடுங்கள்" என்று அதில் இருந்தது. கீழே எங்கள் பழைய மெயில்கள் முழுக்க ஒட்டப்பட்டிருந்தன. மே மாத பாக்கி ரூபாய் பிசகாமல் சரி. என் பழைய கணக்கு எண் சரி, பான் எண் சரி. இதையெல்லாம் பார்த்துத்தான் அக்கவுண்ட்ஸில் நம்பிப் பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் நம் பணத்தை எடுத்துவிட முடியாது. அது செக் லீஃபிலேயே அச்சாகி இருக்கிற எண்தான். ஆனால் அது மெயிலில் பானோடும், பாக்கித் தொகையோடும், நாம் எழுதுகிற தோரணையோடும் சேர்ந்து கிடந்தால், நான்தான் பேசுகிறேன் என்று காட்டிக்கொள்ளத் திருடனுக்கு அதுவே போதும்.

"பணம் எப்போ வரும்?" என்று நான் கேட்டு எழுதிய மெயில்களுக்குப் பதிலே வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய அவுட்லுக்கில் திருடன் ஒரு விதி போட்டு வைத்திருந்தான். என் முகவரியிலிருந்து வரும் மெயில் எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல், யாருமே திறக்காத `RSS Feeds` என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். அவர்களுடைய கம்ப்யூட்டர் ஆள் அதைத் திறந்தபோது என் மெயில்கள் அத்தனையும் படிக்கப்படாமல் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஒழுங்காகப் பதில் போட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் பணப் பேச்சு வரும்போது மட்டும் திடீரென்று மௌனமானால் உடனே போனை எடுங்கள். இன்னொரு மெயில் போட்டு ஒன்றும் ஆகாது.

"பெயர் உங்க பெயர்தானே போட்டோம்" என்று அவர்கள் வாதாடினார்கள். நம் நாட்டில் ஆன்லைனில் அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகிறது. பெயர்க் கட்டத்தில் எதை டைப் செய்தாலும் போய்ச் சேரும். இதற்காகத்தான் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் அனுப்புவதற்கு முன்பே கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அதற்குக் கட்டணமும் கிடையாது. ஏஜென்சி அந்தப் பெயரைப் பார்த்திருந்தாலே வேறு ஆளின் கணக்கு என்று தெரிந்திருக்கும்.

சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு நான் கூப்பிட்டபோது, பணம் யாருடைய கணக்கிலிருந்து போனதோ அவர்களிடம்தான் பரிவர்த்தனை விவரம் எல்லாம் இருக்கும், அவர்களே உடனே புகார் கொடுக்கட்டும் என்றார்கள். ஏஜென்சிக்காரர்கள் "மேனேஜ்மென்ட்டில் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தடித்து, cybercrime.gov.in-இல் பதிவு செய்வதற்குள் திருடன் அந்தக் கணக்கைக் காலி செய்துவிட்டான். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்தத் தாமதத்தின் மேல்தான்.

சரி, இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். கணக்கு எண்ணைப் போனில்தான் சொல்வேன். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நான்கு எண்ணாகச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். மெயிலில் "கடைசி நான்கு எண் இது" என்பதோடு சரி. முதலில் ஒரு ரூபாய் போடச் சொல்லி, வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் மீதி. சின்னத் தொகை என்றால் யு.பி.ஐ. போதும்; பணம் போவதற்கு முன்பே வங்கியில் இருக்கும் பெயர் திரையில் தெரிந்துவிடும். அப்புறம், கணக்கை மாற்றச் சொல்லி என் பெயரில் எந்த மெயில் வந்தாலும், ஆரம்பத்தில் கொடுத்து வைத்த நம்பருக்கு அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. அது திருடனுடையதாக இருக்கலாம்.

மெயிலில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விவரங்களை ஒரு பி.டி.எஃப்-ஆக்கி பாஸ்வேர்டு போட்டு அனுப்பலாம். பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். அடுத்த மெயிலில் அனுப்பினால் பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த கதைதான். இ-ஆதார் பி.டி.எஃப்-க்கு ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது என்று ஊருக்கே தெரியும். ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். இதிலும் ஒரு எல்லை உண்டு. அவர்கள் பி.டி.எஃப்-ஐத் திறந்து பாஸ்வேர்டு இல்லாமல் சேமித்து வைத்தால் அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை. ஓ.டி.பி., பின் நம்பர், கார்டின் பின்னால் இருக்கும் மூன்று எண், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு ஆகியவற்றைப் பூட்டிய பி.டி.எஃப்-இல்கூட அனுப்ப வேண்டாம். பணம் போடுகிறவருக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை.

ஏற்கெனவே அனுப்பியது இருக்கிறதே என்றால், ஜிமெயிலில் `in:sent IFSC` என்று தேடிப் பாருங்கள். வருகிற மெயில்களை அழித்து, `Bin` ஃபோல்டரில் இருந்தும் நீக்குங்கள். இல்லையென்றால் 30 நாள் அங்கேயே கிடக்கும். நாம் அழித்தாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நகல் போகாது. அதனால் உங்கள் ஏஜென்சிக்கு இன்றைக்கே போன் போட்டு, உங்கள் பெயரில் எந்தக் கணக்கின் கடைசி நான்கு எண் அவர்களிடம் இருக்கிறது, சமீபத்தில் யாராவது அதை மாற்றச் சொன்னார்களா என்று கேட்டுவிடுங்கள்.