நாற்பது ஸ்லைடு கேஸ் டிஸ்கஷனை ஒரு பக்கமாக்குவது: சில வருடப் பழக்கத்தில் கண்டவை

எங்கள் பொது மருத்துவப் பிரிவில் வாரந்தோறும் ஒரு கேஸ் டிஸ்கஷன் உண்டு. பேசி முடிந்த பிபிடியை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கி ஃபைலில் சேர்க்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். பிஜி மாணவர்கள் இதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், எனக்குக் கைகொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவதுதான் பலரும் செய்வது. அதில் தகவல் எல்லாம் வந்துவிடும், ஆனால் அதன் பின்னால் இருந்த யோசனை காணாமல் போய்விடும். பிபிடியின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: நோய் வரலாறு, உடல் பரிசோதனை, ஆய்வக முடிவுகள், நோய்க் கணிப்பு, சிகிச்சை. வார்டில் எதுவும் அந்த வரிசையில் நடப்பதில்லை. அதனால் எழுத உட்காரும் முன் கேஸ் ஷீட்டை எடுத்து, எது எந்த நாளில், முடிந்தால் எந்த நேரத்தில் நடந்தது என்று தனித் தாளில் குறித்துக்கொள்கிறேன். இந்த ஒரு படிதான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

புதர்ப் பகுதிகளில் இருக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் கேஸ் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதுகளில் இருக்கும் பெண், வயல் வேலை. எட்டு நாள் காய்ச்சல், கடும் தலைவலி, கடைசி இரண்டு நாளாக மூச்சுத்திணறல். வெளியில் மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. இங்கே வந்தபோது நிமிடத்துக்கு 30 மூச்சு, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். பிளேட்லெட் 58,000. கல்லீரல் நொதிகள் நான்கைந்து மடங்கு கூடியிருந்தன. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நிழல்.

பிபிடியில் பொதுப் பரிசோதனை ஸ்லைடிலேயே இடது மார்பகத்துக்கு அடியில் இருந்த எஸ்காரின் படம் இருந்தது. ஒட்டுண்ணி கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்கு அது. ஆய்வக ஸ்லைடில், நோய்க்கு எதிரான ஐஜிஎம் ஆன்டிபாடியைத் தேடும் ஸ்க்ரப் டைஃபஸ் எலைசா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அடுத்த ஸ்லைடில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும். இதை அப்படியே சுருக்கினால், 'எஸ்கார் இருந்தது, ஐஜிஎம் பாசிட்டிவ், எனவே டாக்சிசைக்ளின் தொடங்கப்பட்டது' என்று வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அதுவல்ல.

கேஸ் ஷீட்டில் காலைப் பரிசோதனைக் குறிப்பில் எஸ்கார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி எல்லாம் மறுபடி பார்த்தபோதுதான் அகப்பட்டது. மருந்து அன்று இரவே போனது. எலைசா முடிவு வந்தது மூன்றாம் நாள். அதாவது, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் எஸ்காரை நம்பி எடுத்த முடிவு அது. அடுத்து இதே போன்ற நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்கு வேண்டியது இந்த விவரம்தான். அவர் கையிலும் முதல் இரவில் எலைசா முடிவு இருக்காது.

சிகிச்சைக்குக் காரணமாக ஒரு முடிவைச் சொல்லும் இடத்திலெல்லாம், முதல் டோஸ் எழுதிய நேரத்தையும் லேப் ரிப்போர்ட்டின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மருந்து முந்தியிருந்தால், 'பின்னர் உறுதியானது' என்று எழுத வேண்டும். 'எனவே' என்ற சொல் அங்கே வரக்கூடாது.

அடுத்தது நெகட்டிவ் முடிவுகள். எல்லாவற்றையும் எழுதினால் பக்கம் நிறைந்துவிடும். எல்லாவற்றையும் வெட்டினால், வேறு எதையுமே யோசிக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் எந்த நோய்களை நினைத்துத் தவித்தோமோ, அவற்றின் நெகட்டிவை மட்டும் வைக்கிறேன். இங்கே டெங்கு, மலேரியா, லெப்டோ என்ற எலிக்காய்ச்சல். அதிலும் 'டெங்கு நெகட்டிவ்' என்ற இரண்டு வார்த்தை போதாது. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். எட்டாம் நாளில் அது நெகட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று சொல்ல முடியாது. அன்று டெங்கு ஐஜிஎம்மும் நெகட்டிவ், ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டும் ஏறவில்லை என்பதைச் சேர்த்தால்தான் வாதம் நிற்கும். எந்தப் பரிசோதனை, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்ற இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும்.

பாடப்புத்தக ஸ்லைடுகளை முழுதாக விட்டுவிடுகிறேன். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி, நோய் பரவியுள்ள நாடுகளின் வரைபடம் எல்லாம் வேறெங்கும் கிடைக்கும். ஒரே விதிவிலக்கு, இந்த நோயாளிக்கு எடுத்த முடிவை அது மாற்றியிருந்தால். இரண்டு மருந்தையும் சேர்த்தே ஊசியாகக் கொடுத்ததற்குக் காரணம், தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்ப்பது மேல் என்று காட்டி 2023-இல் வெளியான இந்திய ஆய்வு. அதற்கு ஒரு வரி உண்டு.

முடிவுப் பகுதியில் 'நோயாளி குணமடைந்தார்' என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எவ்வளவு நேரத்தில் காய்ச்சல் விட்டது, ஆக்சிஜன் எப்போது நிறுத்தப்பட்டது, வீட்டுக்குப் போகும்போது பிளேட்லெட் எவ்வளவு, இந்த மூன்றும் வேண்டும். கூடவே ஓர் எச்சரிக்கை. டாக்சிசைக்ளினுக்குக் காய்ச்சல் இறங்கியதே ஸ்க்ரப் டைஃபஸுக்கு நிரூபணம் என்று பல பிபிடிகளில் பார்க்கிறேன். லெப்டோவும் அதே மருந்துக்குக் கேட்கும். ஐஜிஎம்மும் பழைய தொற்றுக்குப் பிறகு பல மாதங்கள் பாசிட்டிவாகவே நிற்கலாம். இந்தக் கேஸில் கணிப்பைத் தாங்கி நின்றது எஸ்கார். மற்ற இரண்டும் அதற்கு வலுச் சேர்த்தவை. அந்த எடை வித்தியாசம் சுருக்கத்திலும் தெரிய வேண்டும்.

கடைசியில் வந்த குறிப்பின் நடுப்பகுதி இது:

"எட்டு நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல், குறைந்த பிளேட்லெட், கல்லீரல் நொதி உயர்வு, இரு நுரையீரலிலும் நிழல், செஃப்ட்ரையாக்சோனுக்குக் காய்ச்சல் குறையவில்லை. காய்ச்சலின் எட்டாம் நாளில் மலேரியா ஸ்மியர், டெங்கு என்எஸ்1, ஐஜிஎம் நெகட்டிவ், ஹீமட்டோகிரிட் உயரவில்லை. முதல் பரிசோதனையில் தெரியாத எஸ்கார், மாலையில் முழு உடலையும் மறுபடி பார்த்தபோது மார்பகத்தின் அடியில் தெரிந்தது. அதன் பேரில் அன்றிரவே டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஊசி. ஸ்க்ரப் ஐஜிஎம் அட்மிட் ஆன மூன்றாம் நாள் பாசிட்டிவ், லெப்டோ ஐஜிஎம் நெகட்டிவ். 36 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் ஆக்சிஜன் நிறுத்தம். ஏழு நாள் மருந்து முடித்து டிஸ்சார்ஜ், பிளேட்லெட் 1,64,000."

பிபிடியில் அறவே இல்லாத ஒன்றும் உண்டு: பேச்சு. 'செஃப்ட்ரையாக்சோன் கேட்கவில்லை என்றதும் ஏன் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போகவில்லை?' என்று சீனியர் கேட்பார். பிஜி சொல்லும் பதிலில்தான் காரணம் இருக்கும். அதை அங்கேயே குறித்துக்கொள்ளாவிட்டால், நான்கு நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. டிஸ்கஷனுக்கு நான் நோட்டோடு போவது இதற்காகத்தான். இன்னொன்று, எக்ஸ்ரே படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் ஐபி எண்ணும் பதிந்திருக்கும். ஸ்லைடில் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தாலும், காப்பி செய்யும்போது பட்டை தனியே கழன்றுவிடும். படத்தையே வெட்டிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

இந்த முறை ஒரு கேள்விக்கு ஒரு பதில் உள்ள கேஸ்களுக்குப் பொருந்தும். ஐசியூவில் ஒரு மாதம் கிடந்து, நடுவில் வென்டிலேட்டர் நிமோனியா, சிறுநீரகச் செயலிழப்பு என்று மூன்று நான்கு பிரச்சினைகள் பின்னிப்போன நோயாளிக்கு ஒரே காலவரிசை போதவில்லை. அங்கே பிரச்சினைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காலவரிசை போட்டு, இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறேன். தோல் நோய் கேஸ்களில் படமில்லாமல் எத்தனை வரி எழுதினாலும் போதுவதில்லை. எழுத்தைக் குறைத்துப் படத்துக்கு இடம் விடுகிறேன்.